ஆஃப் செய்து ஆன் செய்தால் மறைந்துவிடும் எச்சரிக்கை

நெடுஞ்சாலையில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த காரில் திடீரென்று பிக்கப் செத்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் ஆர்.பி.எம். முள் 2,500, மிஞ்சினால் 3,000-க்கு மேல் ஏறுவதில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிகிறது. சில வண்டிகளில் "Engine power reduced" என்ற வரியும் வருகிறது. ஆட்டோமேட்டிக் கார் என்றால் பெரும்பாலும் மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நிற்கும். மெக்கானிக்குகள் இதை லிம்ப் மோடு என்பார்கள்.

என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு ஏதோ ஒரு சென்சாரிலிருந்து வரும் கணக்கு ஒத்துப்போகவில்லை. அதே வேகத்தில் தொடர்ந்தால் என்ஜினோ டர்போவோ கியர்பாக்ஸோ கெட்டுவிடும் என்று அது முடிவு செய்கிறது. அதனால் எரிபொருளைக் குறைத்து, டர்போ தரும் அழுத்தத்தைக் குறைத்து, ஒர்க்‌ஷாப் வரை உருட்டிக்கொண்டு போக எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் விட்டுவைக்கிறது.

இந்த இடத்தில் நம் ஊர் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்வார்கள். பல வண்டிகளில் பழைய பிக்கப் அப்படியே திரும்பி வந்துவிடும். "சரியாயிடுச்சு" என்று பயணத்தைத் தொடர்வார்கள். ஆபத்து ஆரம்பிப்பது அங்கேதான். சில வகைப் பிழைகளுக்கு லிம்ப் மோடு, சாவி போட்டதிலிருந்து அணைக்கும்வரைதான் நீடிக்கும். அணைத்ததும் கட்டுப்பாடு நீங்குகிறது, பிழை அப்படியே இருக்கிறது. அடுத்த முறை அதே சுமை என்ஜின்மேல் ஏறும்போது மறுபடி சக்தி போகும். அந்தச் சுமை எப்போது ஏறும்? லாரியை ஓவர்டேக் செய்ய முழு மிதி மிதிக்கும்போது.

ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்க்கலாம். பல வருடம் ஓடிய ஒன்றரை லிட்டர் டர்போ டீசல் எஸ்யூவி. உள்ளே ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், ஏ.சி. ஓடுகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறது. திண்டிவனம் தாண்டியதும் ஒரு பாலத்தின் ஏற்றத்தில் பிக்கப் போகிறது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புப் புகை. அதற்கு முந்தைய சில நாட்களாகவே மிதிக்கும்போதெல்லாம் பானெட்டுக்குள்ளிருந்து "உஸ்" என்று ஒரு காற்றுச் சத்தம் வந்துகொண்டிருந்திருக்கும். ஏ.சி. சத்தம் என்று விட்டிருப்பார்கள்.

டீசல் வண்டியில் லிம்ப் மோடு வருவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது, அந்தச் சத்தம் வரும் ரப்பர் ஹோஸ்தான். டர்போ அழுத்தி அனுப்பும் காற்று, இன்டர்கூலர் வழியாகக் குளிர்ந்து என்ஜினுக்குப் போக, தடித்த ரப்பர் ஹோஸ்கள் இருக்கின்றன. வெப்பத்திலும் எண்ணெய் ஆவியிலும் வருடக்கணக்கில் ஊறி, வளைவில் அல்லது கிளாம்ப் கடிக்கும் விளிம்பில் அவை கீறிக்கொள்ளும். சில சமயம் கீறல் எதுவும் இருக்காது, கிளாம்ப் மட்டும் தளர்ந்து ஹோஸ் வாயிலிருந்து பாதி கழன்றிருக்கும்.

இப்போது கம்ப்யூட்டர் என்ன பார்க்கிறது என்று பார்ப்போம். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். ஏற்றத்தில் முழு மிதி மிதிக்கும்போது என்ஜினுக்குள் போகும் காற்று 2 பார் அளவுக்காவது இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. அழுத்தத்தை அளக்கும் சென்சாரோ 1.2, 1.3 என்றுதான் சொல்கிறது. மீதி கீறல் வழியாக வெளியே போய்விட்டது. கேட்டதற்கும் வந்ததற்கும் இந்த இடைவெளி சில விநாடிகள் நீடித்தால், கம்ப்யூட்டர் P0299 என்ற கோடைப் பதிவு செய்து சக்தியைக் குறைக்கிறது. டர்போ அழுத்தம் போதவில்லை என்பது அந்தக் கோடின் பொருள்.

கறுப்புப் புகைக்கும் காரணம் இதுதான். உள்ளே வரும் காற்றை அளக்கும் இன்னொரு சென்சார் டர்போவுக்கு முன்னால், ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கிறது. அது அளந்த காற்றின் ஒரு பகுதி பிறகு வழியில் கசிந்துபோகிறது. என்ஜினுக்குள் போய்ச் சேராத காற்றுக்கும் சேர்த்து டீசல் ஊற்றப்படுகிறது. முழுதாக எரியாமல் கரியாக வெளியேறுகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் அந்தக் கரி நேராக வெளியே போகாது. சைலன்சர் பாதையில் உள்ள டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டியில் போய் அடைகிறது. அதனால் புதிய வண்டிகளில் பின்னால் புகையே தெரியாமல் இந்தக் கோளாறு நடந்துகொண்டிருக்கலாம்.

இப்போது ஓட்டுநர் அணைத்துப் போட்டு மறுபடி கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீறல் அப்படியே இருக்கிறது. 2 பார் வரவில்லை என்று பார்க்கும் கம்ப்யூட்டர், அடுத்த லிம்ப் மோடு வரும்வரை டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றச் சொல்கிறது. சாதாரணமாகவே டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் பொருள். எதிரழுத்தம் இல்லாமல் அதை விரட்டினால் அது தன் எல்லையைத் தாண்டிச் சுற்றும். பேரிங் தேயும், எண்ணெய் கசியும். டி.பி.எஃப். உள்ள வண்டி என்றால், மற்றொரு பக்கம் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கரி வடிகட்டியில் சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு ஹோஸும் ஒரு கிளாம்பும் மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய வேலை, திருச்சி போய்ச் சேர்வதற்குள் டர்போ, டி.பி.எஃப். என்று வளர்ந்துவிடும். இரண்டும் வண்டியின் விலை உயர்ந்த பாகங்கள்.

அதைவிடப் பெரிய கவலை உயிர்தான். ஸ்டார்ட் செய்ததும் வண்டி நன்றாக இழுப்பதால் ஓட்டுநருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் ஒரு ட்ரெய்லர் லாரியைத் தாண்ட வலது லேனுக்கு வருகிறார். லாரியின் நடுப்பகுதிக்கு இணையாக வரும்போது சக்தி போகிறது. பின்னால் நூறில் வரும் பேருந்துக்கு முன்னால், லாரியைத் தாண்டவும் முடியாமல் பின்வாங்கவும் இடமில்லாமல் நிற்கிறார். இருவழிச் சாலையில் எதிரே வண்டி வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. லிம்ப் மோடு ஒரு முறை வந்த வண்டி, பார்த்துச் சரிசெய்யும் வரை ஓவர்டேக் செய்யவே கூடாத வண்டி. சக்தி முழுதாகத் திரும்பி வந்திருந்தாலும் இதுதான் நிலைமை.

ஆகவே அந்த முதல் நிமிடத்துக்கு வருவோம். பிக்கப் போனதும் பிரேக்கைத் திடீரென்று அழுத்தக்கூடாது; வண்டி தானாகவே வேகம் குறைந்துகொண்டிருக்கும், பின்னால் வருபவருக்கு அது தெரியாது. கண்ணாடியைப் பார்த்து, இடது இண்டிகேட்டர் போட்டு, இடது ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். ஹசார்டு விளக்கை ஓரத்துக்கு வந்தபிறகு போடுவது நல்லது. பல கார்களில் ஹசார்டு எரியும்போது இண்டிகேட்டர் வேலை செய்யாது. எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குச் சொல்ல வழி இருக்காது. என்ஜின் இன்னும் ஓடுவதால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் வழக்கம்போல வேலை செய்யும். ஓடும்போதே சாவியைத் திருப்பி "ரீசெட்" செய்யப் பார்ப்பவர்கள் உண்டு. அதை மட்டும் ஒருபோதும் செய்யக்கூடாது. என்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதன்பிறகு பிரேக் கல் மாதிரி கெட்டியாகிவிடும்.

வண்டி உருண்டுகொண்டிருக்கும்வரை நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தலாம் என்பதுதான் லிம்ப் மோடு நமக்குத் தரும் பெரிய உதவி. பாலத்தின்மேல், வளைவில், மீடியன் பக்கத்தில் நிறுத்தாமல், பெட்ரோல் பங்க், லாரிகள் நிற்கும் இடம், டோல் கேட், சர்வீஸ் ரோடு இவற்றில் ஒன்றை அடையப் பாருங்கள். சாலை ஓரத்திலேயே நிறுத்த வேண்டி வந்தால் எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், வண்டியை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் 50 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். பத்தடியில் வைத்தால் வேகமாக வருபவருக்குப் பயனில்லை. நின்ற வண்டிக்குள்ளேயே குழந்தைகளை உட்கார வைத்துவிட்டு பானெட்டைத் திறந்து பார்ப்பது நம் சாலைகளில் அன்றாடக் காட்சி. நின்ற வண்டியின்மேல் பின்னாலிருந்து மோதும் விபத்துகளில் அதிகம் அடிபடுபவர்கள் உள்ளே இருப்பவர்களும் பின்பக்கம் நிற்பவர்களும்தான்.

அடுத்தது, இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாமா, இழுவை வண்டிக்குச் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எதுவும் எரியக்கூடாது. எண்ணெய் டப்பா உருவத்தில் சிவப்பு விளக்கு இருந்தால் ஆயில் அழுத்தம் இல்லை. இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் என்ஜின் போய்விடலாம். வெப்பமானி சிவப்புக்குப் போயிருந்தாலும் அப்படித்தான். அணைத்துவிட வேண்டும், ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக்கூடாது. பெட்ரோல் வண்டியில் மஞ்சள் என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய்ச் சூடேற்றும். அந்த நிலையிலும் ஓட்டக்கூடாது. டீசல் நாற்றம், கருகும் நாற்றம், கீழே சொட்டும் திரவம், உலோகம் உரசும் சத்தம், இவற்றில் எது இருந்தாலும் இழுவை வண்டிதான்.

டீசல் காரில் இன்னும் ஒன்றைப் பார்க்கச் சொல்வேன். சமதரையில் என்ஜின் அணைந்து ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் எல்லோரும் கவலைப்படுவார்கள். மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் கவனிக்கமாட்டார்கள். டி.பி.எஃப். கரியை எரிக்க என்ஜின் கூடுதலாக டீசலைச் செலவழிக்கும். அந்த முயற்சி பாதியில் பாதியில் நின்றுபோனால் அந்த டீசலில் ஒரு பகுதி கீழிறங்கி ஆயிலோடு கலந்து அளவை ஏற்றிவிடும். குச்சியை மோந்து பார்த்தால் டீசல் வாடை வரும். நகரத்துக்குள்ளேயே சிறு சிறு தூரம் ஓடும் கார்களில் இது அதிகம். கரி எரிய வடிகட்டி ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வரும் வண்டியில் அந்தச் சூடு நீடிப்பதே இல்லை. டி.பி.எஃப். விளக்கு மட்டும் வந்திருக்கும் கட்டத்தில், கையேட்டில் சொன்னபடி கால் மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். லிம்ப் மோடும் சேர்ந்து வந்தபிறகு அந்த வழி அடைந்துவிட்டது. அப்போது ஒர்க்‌ஷாப்பில் கருவியை மாட்டித்தான் எரிக்க வேண்டும். ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் அங்கேயும் ஓட்டிக்கொண்டு போகாமல் ஏற்றிக்கொண்டு போவதே சரி.

இது எதுவும் இல்லை, மஞ்சள் விளக்கும் பிக்கப் குறைவும் மட்டும்தான் என்றால் மெதுவாக ஓட்டிப் போகலாம். நம் எஸ்யூவி இந்த வகைதான். பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு, ஓட்டுநர் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். இப்ப நல்லாத்தான் இழுக்குது. திருச்சி போயிடலாம்ல?"

"வேணாம் தம்பி. மிதிக்கும்போது உஸ்ஸுன்னு சத்தம் கேட்குதா பாருங்க. கேட்டா ஹோஸ்தான். விழுப்புரம் வரைக்கும் மெதுவா உருட்டிட்டுப் போயிடுங்க. மிதிச்சுடாதீங்க."

அந்த "மிதிச்சுடாதீங்க" என்பதில் எல்லாமே அடங்கியிருக்கிறது. காற்றழுத்தம் தேவைப்படும்போதுதான் கீறல் விரிகிறது, கரி கொட்டுகிறது, டர்போ தறிகெட்டுச் சுற்றுகிறது. ஆக்சிலரேட்டரைக் கால்வாசிக்கு மேல் மிதிக்காமல், ஆர்.பி.எம். 2,000-க்குள் வைத்து, 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் இடது ஓரமாகப் போனால் டர்போவுக்கு வேலையே இருக்காது. மேனுவல் கியர் என்றால் நான்காவதில் திணறவிடாமல் மூன்றாவதில் போகலாம். ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். மற்ற வண்டிகளைவிட இவ்வளவு மெதுவாகப் போகும்போது ஹசார்டு எரியட்டும். திரும்பும் முன் மட்டும் அதை அணைத்து இண்டிகேட்டர் போடுங்கள். சர்வீஸ் ரோடு இருக்கும் இடமெல்லாம் அதில் இறங்கிவிடுவது நல்லது. போய்ச்சேர வேண்டியது பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப். வழக்கமாக விடும் இடத்துக்கோ வீட்டுக்கோ போக நினைக்கக் கூடாது. பாதுகாப்பாக நின்ற இடத்தில் ஒரே ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. இரண்டாவது தடவை லிம்ப் மோடு வந்தால் அதற்குப் பிறகு அணைத்துப் போடும் வேலை கூடாது.

எங்கே ஓட்டவே கூடாது என்றால், மலைப்பாதையில். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். டர்போ இல்லாத ஒன்றரை லிட்டர் டீசல் ஐந்து பேரைச் சுமந்துகொண்டு அந்த வளைவுகளில் திரும்பும்போது சக்தி போதாமல் பாதியில் நிற்கும், பின்னால் உருளும். ஏறும் வழியில் வந்தால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி உதவிக்குக் காத்திருங்கள். இறங்கும் வழியில் சக்தி தேவையில்லை என்று நினைத்து நியூட்ரலில் உருட்டிவிடக்கூடாது. இரண்டாவது கியரின் பிடிப்பு இல்லாமல் பிரேக் சூடேறி விட்டுப்போகும். இரவிலும் கனமழையிலும் நெடுஞ்சாலையில் 40-இல் ஊர்ந்து போவதைவிட, வெளிச்சமுள்ள பங்கில் நிறுத்திவிட்டு இழுவை வண்டிக்குச் சொல்வது மேல். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணைக் கூப்பிட்டால் நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி கிடைக்கும். கார் இன்ஷூரன்ஸோடு சாலையோர உதவியும் சேர்த்து வாங்கியிருந்தால் அந்த எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியை ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கட்டி இழுக்கக்கூடாது, கியர்பாக்ஸ் போய்விடும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு வண்டிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லா லிம்ப் மோடும் ஹோஸ் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டீசல் ஃபில்டர் அடைத்தாலோ டீசலில் தண்ணீர் கலந்தாலோ சுமை ஏறும்போது எரிபொருள் அழுத்தம் விழுந்து இதே மாதிரி ஆகும். பங்கில் நிரப்பிய கொஞ்ச நேரத்தில் வந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான், அப்போது ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். ஆக்சிலரேட்டர் பெடலில் ஒரே அசைவை அளக்க இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. இரண்டின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் எதையும் நம்பாமல் சக்தியைக் குறைத்துவிடும். கனெக்டரில் ஈரம் ஏறுவதும், நிறுத்தி வைத்த வண்டியில் எலி ஒயரைக் கடிப்பதும் இதற்கு நம் ஊரில் சாதாரணக் காரணங்கள். மழை பெய்த மறுநாள் காலையிலோ, சில நாட்கள் எடுக்காமல் நின்ற வண்டியிலோ வந்தால் அங்கிருந்து தேடச் சொல்லலாம்.

ஒர்க்‌ஷாப்பில் ஓட்டுநர் வலியுறுத்த வேண்டியது, கோடைப் படித்துக் குறித்துக்கொள்வதற்கு முன் அழிக்கக்கூடாது என்பதுதான். பேட்டரி ஒயரைக் கழற்றிப் போடுவதும் அழிப்பதுதான். பிழை பதிவான அந்தக் கணத்தில் என்ன வேகம், எத்தனை ஆர்.பி.எம்., எவ்வளவு சுமை, எவ்வளவு சூடு என்ற தகவல்களையும் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருக்கும். ஏற்றத்தில், 2,200 ஆர்.பி.எம்.மில், அதிகச் சுமையில் பதிவான P0299-க்கும், ஐடிலில் பதிவான சென்சார் பிழைக்கும் தேட வேண்டிய இடங்கள் வேறு வேறு. கோடு காட்டுகிற பாகத்தை அப்படியே மாற்றிவிடுவது இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய தவறு. P0299 என்று வந்ததுமே டர்போவை மாற்றச் சொன்னால், முதலில் ஹோஸ்களைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

அந்தக் கீறலைக் கண்டுபிடிப்பதும் அவ்வளவு எளிதல்ல. என்ஜின் அணைந்திருக்கும்போது ரப்பர் தன் பழைய வடிவத்துக்கு வந்து, கீறல் மூடிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் ஹோஸ் முழுதாகவே இருக்கும். டார்ச்சைக் கீழ்ப்பக்கம் அடித்து, ஹோஸின் அடிவயிற்றைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். தூசி படிந்த ரப்பரில் ஒரு இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பசை ஈரமாக மின்னும். அந்த இடத்தை இரண்டு விரலால் வளைத்தால் உதடு மாதிரி கீறல் திறக்கும். டேப் சுற்றி அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சூட்டிலும் எண்ணெயிலும் டேப் ஒரு நாள்கூட நிற்காது, பிய்ந்தால் மறுபடி ஓவர்டேக்கின் நடுவில்தான் பிய்யும். ஹோஸும் கிளாம்பும் புதிதாகப் போட வேண்டும்.

போட்டபிறகு கோடை அழித்து வண்டியைக் கையில் கொடுத்தால் அப்படியே வாங்கிக்கொண்டு கிளம்பாமல், மெக்கானிக்கோடு ஒரு சுற்றுப் போய்வாருங்கள். ஸ்கேனரை மாட்டியபடி, வண்டி குறைந்த ஒரு நேர்சாலையில் மூன்றாவது கியரில் முழு மிதி மிதிக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தமும் உண்மையில் வரும் அழுத்தமும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இரண்டு எண்ணும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே நின்றால் கசிவு அடைபட்டுவிட்டது. கேட்பது 2.1 என்று நிற்க, வருவது 1.5-லேயே தேங்கினால் இன்னொரு கசிவோ டர்போவின் கோளாறோ பாக்கி இருக்கிறது. திருச்சிப் பயணத்தை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள். டி.பி.எஃப். உள்ள வண்டி என்றால் இத்தனை நாள் கொட்டிய கரி வடிகட்டியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதையும் அதே ஸ்கேனரில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.